2.4 இல் நின்ற முட்டி: வினாகிரிப் பிழைகளைக் குறி பார்த்து நீக்குதல்

தொழினுட்பப் பிரிவு மாணவர்களுக்கான ஒரு வினாடி வினாவுக்கு நொதித்தல் பகுதிக் கேள்விகளை நான்தான் எழுதினேன். அதில் ஒன்று இப்படி இருந்தது: "பனங்கள்ளில் இருந்து வினாகிரி செய்ய ஒரு முட்டி வைக்கப்பட்டது. இன்று அதன் அமிலம் 2.4 சதவீதம். கடையில் விற்கத்தக்க 4 சதவீதத்தை அது எட்டவில்லை. காரணம் என்ன?"

மணி அடித்த முதல் அணி, "காற்று காணாது சேர்" என்றது. இரண்டாவது அணி, "விதை வினாகிரி காணாது" என்றது. மூன்றாவது, "இன்னும் நாள் போகவேண்டும்." மூன்றுக்கும் நான் புள்ளி கொடுக்கவில்லை. அரங்கத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு. ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப விடை என்ன சேர்?" என்று கேட்டாள். இந்தத் தரவை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது, முட்டியில் மிச்சம் எவ்வளவு மதுசாரம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்பதுதான் விடை என்றேன். அது நியாயமான கேள்வியா என்று இன்றுவரை என்னோடு வாதாடுகிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நியாயமோ இல்லையோ, முட்டிக்கு முன்னால் நிற்கிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். கீழே வருவதெல்லாம் அதை வைத்து எழுதியது.

முதலில் கணக்கு

பனஞ்சாற்றில் உள்ள சீனி பெரும்பாலும் சுக்குரோசு. அது மதுசாரமாகி, பிறகு அமிலமாவது இரண்டு தனி வேலைகள். முதலாவதை மதுவம் செய்கிறது, அதற்கு வளி தேவையில்லை. இரண்டாவதை அசற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் செய்கின்றன. வளி இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலையே ஓடாது.

```
C12H22O11 + H2O → 4 C2H5OH + 4 CO2
C2H5OH + O2 → CH3COOH + H2O
```

இரண்டாவது சமன்பாட்டைப் பாருங்கள். 46 கிராம் எதனோல் 60 கிராம் அசற்றிக் அமிலமாகிறது. அதாவது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 1.3 கிராம். ஒரு லீற்றரில் கனவளவுப்படி 1 சதவீத மதுசாரம் என்றால் 7.9 கிராம் எதனோல். அது முழுக்க மாறினால் 10.3 கிராம் அமிலம், அதாவது 1 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே வசதிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒரு சதவீத மதுசாரம் போனால் ஒரு சதவீத அமிலம் வரவேண்டும்.

இதனால் ஒரு நல்ல பிடி கிடைக்கிறது. மதுசாரச் சதவீதத்தையும் அமிலச் சதவீதத்தையும் கூட்டுங்கள். முதல் நாளில் அந்தக் கூட்டுத்தொகை என்னவோ, கடைசி நாளிலும் கிட்டத்தட்ட அதுவே இருக்கவேண்டும். ஒன்று குறையக் குறைய மற்றது கூடும், கூட்டுத்தொகை கொஞ்சமாகத்தான் தேயும். வினாகிரித் தொழிற்சாலைகளும் இந்தக் கூட்டுத்தொகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அது சட்டென்று இறங்கினால் எங்கோ களவு போகிறது என்று அர்த்தம். நாவில் வைத்துப் பார்த்துப் "புளிப்புக் காணாது" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு அளவீடுகளும் அவற்றில் உள்ள இரண்டு பொறிகளும்

அமிலத்தை அளப்பது எளிது. முட்டியில் இருந்து 10 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, கொதித்து ஆறிய காய்ச்சிவடித்த நீரில் நிறம் மங்கும்வரை ஐதாக்கி, பீனோத்தலீன் இரண்டு துளி விட்டு, 0.5 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிப்புச் செய்யுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்து நின்றால் முடிவு. செலவான மில்லிலீற்றரை 0.3 ஆல் பெருக்கினால் அமிலச் சதவீதம். 8 மில்லிலீற்றர் செலவானால் 2.4. புதுக் கள்ளை அளக்கும்போது முதலில் நன்றாகக் கலக்கி வாயுவை வெளியேற்றிவிடுங்கள். கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டும் காரத்தைக் குடிக்கும், வாசிப்புக் கூடிவிடும்.

மதுசாரத்துக்கு வடித்தெடுத்தல் வேண்டும். 100 மில்லிலீற்றரை எடுத்து, முதலில் காரம் சேர்த்து நடுநிலையாக்குங்கள். இல்லாவிட்டால் அசற்றிக் அமிலமும் ஆவியோடு சேர்ந்து வந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு வடிந்ததும் நிறுத்தி, காய்ச்சிவடித்த நீரால் மறுபடி 100 மில்லிலீற்றருக்கு நிரப்பி, மதுசாரமானியை மிதக்கவிட்டு வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்களைத் தொடர்ந்து ஏமாற்றியது இந்த மதுசாரமானிதான். பெரும்பாலானவை 20 பாகை செல்சியசுக்கு அளவிடப்பட்டவை. எங்கள் ஆய்வுகூடத்தில் மத்தியானம் 30 பாகைக்குக் குறையாது. அந்தச் சூட்டில் வெறும் தண்ணீரில் போட்டாலே மானி ஒன்றரைச் சதவீதத்துக்கு மேல் மதுசாரம் காட்டும், ஏனென்றால் சூட்டில் நீரின் அடர்த்தியே குறைகிறது. முழு நொதித்தலும் நாலைந்து சதவீதத்துக்குள் நடக்கிற இடத்தில் ஒன்றரை என்பது சின்ன விஷயமல்ல. உருளையைப் பனிக்கட்டி போட்ட வாளியில் வைத்து 20 பாகைக்கு இறக்கிவிட்டு வாசியுங்கள். அதற்கு வழி இல்லாவிட்டால், அதே சூட்டில் உள்ள வெறும் நீரில் என்ன காட்டுகிறது என்று பார்த்து அதைக் கழித்துவிடுங்கள். இந்தச் சிறிய அளவுகளுக்கு அது போதும்.

இனிக் குறிகளுக்கு வருவோம்.

குறி: அமிலம் ஏறாமல் நிற்கிறது, மதுசாரம் மிச்சம் இருக்கிறது

வினாடி வினாவுக்குப் பிறகு விளங்கப்படுத்துவதற்காக மூன்று முட்டி வைத்தோம். கள்ளு வாங்க மாணவர்களை அனுப்ப முடியாதுதானே. போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நானே தவறணை வாசலில் நின்றேன். அந்தக் காட்சியைக் கண்ட பெற்றார் ஒருவருக்கு இன்னும் முழுமையாக விளக்கம் கொடுத்து முடியவில்லை.

ஒவ்வொரு முட்டிக்கும் 5 சதவீத மதுசாரம் உள்ள, நன்றாகப் பொங்கி அடங்கிய கள்ளு 4 லீற்றர். அதனுடன் சூடாக்காத, 5 சதவீத அமிலமுள்ள பழைய வினாகிரி 1 லீற்றர். கலந்த பிறகு மதுசாரம் 4.0. விதை வினாகிரியில் இருந்து 1.0 அமிலமும் கள்ளுக்கே உரிய புளிப்பில் இருந்து 0.3 உம் சேர்ந்து அமிலம் 1.3. கூட்டுத்தொகை 5.3.

முதலாம் முட்டியைக் கழுத்துவரை நிரப்பினோம். 24 ஆம் நாள் அமிலம் 2.4, மதுசாரம் 2.6. கூட்டுத்தொகை 5.0. ஒன்றும் களவு போகவில்லை, மூலப்பொருள் அப்படியே கிடக்கிறது. வேலைதான் நடக்கவில்லை. இங்கே "காற்று காணாது" என்று சொன்னால் முழுப் புள்ளி.

எவ்வளவு காற்று? 5 லீற்றரில் 4 சதவீத மதுசாரம் என்றால் 158 கிராம் எதனோல். அதை அமிலமாக்க 110 கிராம் ஒட்சிசன் வேண்டும். ஒரு லீற்றர் வளியில் கால் கிராமுக்குச் சற்று மேலாகத்தான் ஒட்சிசன் இருக்கிறது. ஆகவே ஏறக்குறைய 400 லீற்றர் வளியில் உள்ள ஒட்சிசன் அத்தனையும் அந்த முட்டிக்குள் இறங்கவேண்டும். திரவத்தில் ஏற்கெனவே கரைந்திருப்பதோ 30 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராம்கூட இல்லை. மேற்பரப்பு வழியாக ஓயாமல் வந்துகொண்டே இருந்தால்தான் உண்டு.

முட்டியின் உருவம் இங்கே விளையாடுகிறது. எங்கள் முட்டியின் வயிறு 22 சென்ரிமீற்றர் விட்டம், கழுத்து 9. வயிற்றின் அகன்ற இடம்வரை மட்டும் நிரப்பினால் மேற்பரப்பு 380 சதுர சென்ரிமீற்றர். கழுத்துவரை நிரப்பினால் 64. ஆறில் ஒரு பங்கு! இடம் வீணாகிறதே என்று முட்டியை நிரப்புகிறவர் மூச்சை அடைக்கிறார். பாதியை வேறு முட்டிக்கு மாற்றி, இரண்டையும் அகன்ற இடத்தில் நிற்கவிட்டு, வாயைப் பலகையால் மூடாமல் வேட்டித் துண்டு இரண்டு மடிப்பால் கட்டினோம். பழ ஈ உள்ளே போகாது, வளி போகும். அதற்குப் பிறகு இரண்டு கிழமையில் அமிலம் 4 ஐத் தாண்டியது.

மதுசாரம் மிச்சம், மேற்பரப்பும் அகலம், ஆனாலும் ஏறவில்லை என்றால் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று சூடு. 30 பாகை சுற்றுவட்டாரம் இந்தப் பற்றீரியாக்களுக்கு மிக வசதி. 35 ஐத் தாண்டினால் சோர்ந்துவிடுகின்றன. தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரையில் முட்டி வைத்தால் அந்த எல்லை தாராளமாகத் தாண்டும். மண்முட்டி வியர்த்துக் கொஞ்சம் குளிர்ந்துகொள்ளும், பிளாஸ்டிக் வாளிக்கு அந்த வசதி இல்லை. மற்றது, அடிக்கடி ஆட்டிப் பார்ப்பது. பற்றீரியா மேற்பரப்பில் மெல்லிய ஏடாக நிற்கிறது, அதன் வாழ்வே வளியும் திரவமும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான். ஆட்டினால் ஏடு கிழிந்து தாழ்ந்துபோகும், பிறகு புதிதாகக் கட்ட நாள் எடுக்கும். மாதிரி எடுக்கும்போது நீண்ட குழாயியை ஓரத்தால் இறக்குங்கள்.

குறி: அமிலமும் ஏறவில்லை, மதுசாரமும் போய்விட்டது

இரண்டாம் முட்டிக்கு ஒரு மாணவன் மீன்தொட்டிக்குரிய காற்றுப் பம்பியைப் பூட்டினான். வளிதானே வேண்டும், இரவு பகலாகக் குமிழியடிக்கட்டும் என்பது அவனது நியாயம். 24 ஆம் நாள் அமிலம் 1.8, மதுசாரம் 1.3. கூட்டுத்தொகை 5.3 இல் இருந்து 3.1 க்கு இறங்கிவிட்டது, ஆனால் அமிலம் அரைச் சதவீதம்தான் உயர்ந்தது. அறைக்குள் போனாலே கள்ளு மணம். மதுசாரம் அமிலமாவதற்கு முன்பே குமிழியோடு ஏறிப் பறந்துவிட்டது. ஏடும் கட்டவில்லை, கட்டுவதற்குப் பம்பி விடவில்லை.

"தொழிற்சாலையில் அப்படித்தானே செய்கிறார்கள்?" என்று அவன் கேட்டது நல்ல கேள்வி. 1949 இல் ஒஸ்திரியாவில் ஹ்ரோமட்காவும் எப்னரும் தொடக்கிவைத்த அமிழ்வு முறையில் வளி திரவத்துக்குள்ளேதான் ஊட்டப்படுகிறது. ஆனால் அங்கே கலக்கி வளியை மிக நுண்ணிய குமிழிகளாக உடைக்கிறது, திரவம் குளிராக்கப்படுகிறது, பற்றீரியாவும் திரவம் முழுவதும் மிதந்து வளர்வதற்குப் பழக்கப்பட்டது. அமிலம் கூடிய நிலையில் ஒரு நிமிடம் வளி நின்றாலும் அந்தத் தொட்டி பெரும் சேதம் காணும் என்பதும் அவர்களது ஆய்வில் தெரியவந்தது. மின்வெட்டு நாள்களில் மீன்தொட்டிப் பம்பியை நம்பி அதைச் செய்ய வேண்டாம். மேற்பரப்பு ஏடு மெதுவானது, ஆனால் அதற்கு மின்சாரம் தேவையில்லை.

பம்பியே இல்லாமலும் இதே குறி வரலாம். அப்படியென்றால் விதை இறந்ததாக இருக்கும். கடையில் வாங்கிய வினாகிரியை ஊற்றிவிட்டு விதை போட்டதாக நினைப்பவர்கள் அதிகம். போத்தலில் வருவது சூடாக்கப்பட்டதாகவோ, அசற்றிக் அமிலத்தை நீரில் ஐதாக்கிய செயற்கை வினாகிரியாகவோ இருந்தால் அதில் உயிர் இல்லை. புளிப்பு இருக்கும், பற்றீரியா இராது. சோதிக்க அகன்ற கிண்ணத்தில் கொஞ்சம் விதை வினாகிரியும் மூன்று மடங்கு கள்ளும் விட்டு, துணி கட்டி, ஒரு கிழமை அசைக்காமல் வையுங்கள். மேலே மெல்லிய, எண்ணெய் பூசியது போன்ற சாம்பல் ஏடு படிந்தால் உயிருள்ள விதை.

குறி: அமிலம் ஏறி, பிறகு இறங்கியது

எனக்கு மிகப் பிடித்த குறி இது. பார்க்கிறவரை எளிதாக ஏமாற்றுவதும் இதுதான்.

மூன்றாம் முட்டியை எல்லாம் சரியாகச் செய்து வைத்தோம். பெரிய முட்டியில் பாதியளவு நிரப்பல், நிழல், துணி, அசைக்காமை. வாசிப்புகள் இப்படி: 10 ஆம் நாள் அமிலம் 2.5, மதுசாரம் 2.7. 20 ஆம் நாள் 3.9, மதுசாரம் 0.9. 24 ஆம் நாள் 4.3, மதுசாரம் 0.3. கூட்டுத்தொகை 5.3 இல் இருந்து மெல்ல 4.6 க்கு வந்திருக்கிறது, அது வழமையான தேய்வு. எல்லோருக்கும் சந்தோசம். அப்புறம் விடுமுறை வந்தது, முட்டியை மறந்துவிட்டோம்.

60 ஆம் நாள் திறந்து நியமிப்புச் செய்தபோது அமிலம் 2.4. மதுசாரம் இல்லை.

இப்போது முதலாம் முட்டியோடு ஒப்பிடுங்கள். அங்கேயும் ஒரு நாள் 2.4 தான். நாவில் வைத்தால் புளிப்பு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒன்றுக்குக் காற்றுக் கொடுக்கவேண்டும், மற்றதற்குக் காற்றை வெட்டவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மூன்றாம் முட்டிக்கு இன்னும் காற்றுக் கொடுத்திருந்தால் மிச்சப் புளிப்பும் போயிருக்கும். கூட்டுத்தொகையைப் பார்த்தவருக்குத்தான் இது தெரியும்: ஒன்றில் 5.0, மற்றதில் 2.4.

அமிலம் எங்கே போனது? மதுசாரம் தீர்ந்ததும் அசற்றோபற்றர் என்ற அசற்றிக் அமிலப் பற்றீரியா சும்மா இருப்பதில்லை. தான் செய்த அசற்றிக் அமிலத்தையே மேலும் ஒட்சியேற்றி, காபனீரொட்சைட்டும் நீருமாக்கிவிடுகிறது. மிகை ஒட்சியேற்றம் என்பது இதற்குப் பெயர். மதுசாரம் இருக்கும்வரை அந்தப் பாதை அடங்கியே இருக்கும். குளுக்கோனோபற்றர் என்ற இன்னொரு இனத்தால் இதைச் செய்ய முடியாது. இரண்டையும் பிரித்தறியும் பண்பு என்ன என்று வினாடி வினாவில் வந்தால் இதுதான் விடை. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்திருந்தார்கள். ஆனால் மனப்பாடம் செய்த அதே வரிதான் முட்டிக்குள் நடக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் விடுமுறைக்கு முன் தோன்றவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீர்வு நாள்காட்டியில் இருக்கிறது. மதுசாரம் 0.3 முதல் 0.5 சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். கடைசித் துளிவரை மாற்றப் பார்க்க வேண்டாம், அந்த மிச்சம்தான் அமிலத்துக்குக் காவல். திரவத்தை வடித்து, 65 பாகையளவில் சில நிமிடம் சூடாக்கி, கழுத்துவரை நிரம்பிய போத்தலில் இறுக மூடுங்கள். முட்டியில் பாவம் என்றிருந்த கழுத்துவரை நிரப்பல் இங்கே புண்ணியம். சூடாக்க விருப்பமில்லாவிட்டால், வளிக்கு இடமே விடாமல் நிரப்பி மூடினாலும் பற்றீரியா அடங்கிப்போகும். தொடர்ந்து செய்கிறவர்கள் முட்டியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, ஏட்டைக் கிழிக்காமல் குழாய் வழியாக அடியில் புதுக் கள்ளை விடுவார்கள். புது மதுசாரம் வந்ததும் பற்றீரியா பழைய வேலைக்குத் திரும்பும்.

இறங்கிப்போன முட்டியை வீச வேண்டாம். ஏடு இன்னும் உயிரோடு இருந்தால் மதுசாரமுள்ள கள்ளு சேர்த்து மீண்டும் தொடங்கலாம். 2.4 சதவீதம் அமிலத்தோடு அது நல்ல விதைதான்.

குறி: மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது

கூட்டுத்தொகை இறங்குவதற்கு இன்னொரு கள்வனும் உண்டு, ஆகவே ஏட்டின் முகத்தைப் பார்க்கப் பழகவேண்டும். வினாகிரித் தாய் எனப்படும் நல்ல ஏடு தொடக்கத்தில் மெல்லியதாக, பளபளப்பாக இருக்கும். சில இனங்கள் செலுலோசு கட்டுவதால் நாள் போக அது நுங்கு போல் தடித்து வழுவழுப்பாகும். கெட்ட படலம் உலர்ந்தது போல் இருக்கும், திருநீறு தூவியது போல் வெள்ளையாக, சுருக்கம் விழுந்து, தொட்டால் உடைந்துபோகும். அது படல மதுவம். அதுவும் வளியில்தான் வாழ்கிறது, ஆனால் மதுசாரத்தையும் அமிலத்தையும் எரித்துவிடுகிறது.

படல மதுவம் வருவதற்கு முதற்காரணம் தொடக்க அமிலம் குறைவு. அதனால்தான் நான்கு பங்கு கள்ளுக்கு ஒரு பங்கு பழைய வினாகிரி என்று தொடங்கினோம். 1 சதவீதத்துக்கு மேல் அமிலம் இருந்தால் அசற்றிக் பற்றீரியாவுக்குக் கவலையில்லை, மற்றவர்களுக்குச் சிரமம். படலம் வந்துவிட்டால் அகப்பையால் முழுவதும் வழித்தெடுத்து, உயிருள்ள வினாகிரி இன்னும் கொஞ்சம் சேருங்கள். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு போல் வளர்ந்தால் அது பூஞ்சணம், முட்டியோடு கொட்டிவிடுங்கள்.

நல்ல ஏடும் தடித்துப் பாரமாகித் தாழ்ந்தால் பயனில்லை. அடியில் கிடக்கிற தாய்க்கு மூச்சு இல்லை, எடுத்துவிடலாம். கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது நூலிலும் மெல்லிய புழுக்கள் நெளிந்தால், அவை வினாகிரிப் புழுக்கள். உடம்புக்குக் கேடில்லை, பார்க்கத்தான் அருவருப்பு. வடித்துச் சூடாக்கினால் சரி.

குறி: நகப்பூச்சு மணம்

நகப்பூச்சு அழிக்கிற திரவம் போன்ற மணம் எதைல் அசற்றேற்று. மதுசாரமும் அமிலமும் இணைந்து உண்டாவது, சில காட்டு மதுவங்கள் அதைத் தாராளமாகச் செய்யும். பச்சை அப்பிள் போன்று மூக்கில் ஏறும் மணம் அசற்றல்டிகைட்டு. எதனோல் அமிலமாகும் வழியில் பாதித் தூரத்தில் நிற்பது அது. அசற்றல்டிகைட்டு மணம் பெரும்பாலும் வளிக் குறைவைக் காட்டும், முதலாம் முட்டிக்குரிய வைத்தியமே இதற்கும். நகப்பூச்சு மணம் இலேசாக இருந்தால் வளி கொடுத்து ஒரு கிழமை பாருங்கள், தணியும். அறையே மணக்கிற அளவு என்றால் அந்த முட்டியை விதையாகவும் பயன்படுத்த வேண்டாம்.

குறி: முதலில் இருந்தே பொங்கவில்லை

இது இங்கே மட்டும் வருகிற பிழை என்று சொல்லலாம். கள்ளு வாங்கக் கூச்சப்பட்ட ஓர் அணி, கருப்பணி வாங்கி, பாண் போடுகிற மதுவத்தைச் சேர்த்து, மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குமிழிகூட இல்லை. மதுவம் பழசு என்று புதுப் பொதி வாங்கினார்கள். அப்போதும் இல்லை.

சிவப்புப் பாசிச்சாயத்தாளை நனைத்ததும் நீலமாகியது. அங்கே கதை முடிந்தது. கருப்பணி கருப்பணியாக இருப்பதே முட்டிக்குள் பூசிய சுண்ணாம்பால்தான். நொதிக்கக் கூடாது என்பதற்காகவே சுண்ணாம்பு பூசுகிறார்கள், அதை நொதிக்கவைக்கப் பார்த்தால் எப்படி? அந்தக் காரத்தில் மதுவம் எழும்பாது.

தேசிக்காய் பிழிந்து புளிப்பாக்கினால் மதுவம் எழும்பும், மதுசாரமும் வரும். ஆனால் அடியில் சுண்ணாம்பு கிடந்தால் பிறகு வருகிற அமிலத்தைப் பிடித்துக் கல்சியம் அசற்றேற்றாக்கிவிடும். ஒரு கிராம் நீறிய சுண்ணாம்பு 1.6 கிராம் அசற்றிக் அமிலத்தை விழுங்கும். 5 லீற்றரில் 10 கிராம் கரைந்துவிட்டால் 16 கிராம் அமிலம், அதாவது 0.3 சதவீதம் கணக்கில் இல்லாமல் போகும். கருப்பணியைத்தான் பயன்படுத்தவேண்டும் என்றால், முதலில் தெளியவைத்து மேல்நீரை மட்டும் இறுத்தெடுங்கள். அதன் பிறகு புளிப்பாக்கி மதுவம் சேருங்கள். அதைவிடச் சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறக்கியது கிடைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

குறி: இனிப்பும் புளிப்பும் ஒன்றாக

இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் திறந்த முட்டியில் தொடக்கியவர்களுக்கு வருவது. சீனி தீர்வதற்கு முன்பே அமிலம் ஏறினால் அது மதுவத்தை முடக்கிவிடும். மதுவம் நின்றால் மதுசாரம் வராது, மதுசாரம் வராவிட்டால் அமிலமும் நிற்கும். முதற்கட்டத்தை மூடிய பாத்திரத்தில், வாயு வெளியேறும் குழாயின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை விடுங்கள். துணி கட்டித் திறப்பது அதற்குப் பிறகுதான்.

சீனி தீர்ந்ததா என்று முறிவுமானியால் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மதுசாரமும் ஒளியை முறிக்கும். நொதித்து முடிந்த கள்ளிலும் அந்தக் கருவி 4, 5 பிரிக்சு காட்டும், அது சீனி அல்ல. வாசிப்பு இரண்டு நாள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மதுவத்தின் பங்கு முடிந்தது.

இந்த வருடக் கேள்வித்தாளில் அந்த 2.4 கேள்வியைத் திருத்தி எழுதியிருக்கிறேன். இப்போது இரண்டு முட்டி, இரண்டிலும் 2.4, ஒன்றில் மதுசாரம் 2.6, மற்றதில் பூச்சியம். எந்த முட்டிக்குக் காற்றுக் கொடுப்பீர்கள், எதற்குக் காற்றை வெட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறேன். என்னோடு வாதாடுகிற ஆசிரியர், இதுவும் கொஞ்சம் கடினம்தான் என்கிறார்.